இறால் பெட்டியில் போன ரத்தம்

என் கழுத்தை வெட்ட நாள் குறித்த டொக்டர், அதற்கு முன் ஒருதரமாவது என் கையைப் பிடித்து நாடி பார்க்கவில்லை. மற்றவற்றை மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் அதுவும் பொய்தான். ஒன்றையும் மன்னிக்கவில்லை. ஆனால் இத்தனை வருடம் கழித்தும், கறிச்சட்டியைக் கழுவிக்கொண்டு நிற்கும்போது சும்மா இருந்தாற்போல் கொதி ஏறுகிறதென்றால், அது அந்தக் கையை நினைத்துத்தான். நீட்டிக்கொண்டே இருந்தேன். அவர் பேனை பிடித்திருந்தார்.

எண்பத்துநாலாம் ஆண்டு. குருநகரில் என் புருஷனின் தாய் வீட்டில் இருந்தோம். இவர் கடலுக்குப் போகிறவர்; நேவிக்காரர் கடலில் இறங்க விட்ட நாட்களில் மட்டும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். தையல் மெஷின் ஒன்று வைத்திருந்தேன். கோயிலில் முதல் நன்மை எடுக்கிற பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை தைப்பதென்றால் எங்கள் பக்கத்தில் என்னிடம்தான் வருவார்கள். அந்தத் தை மாதம் எங்களுக்கு மூத்தவன் பிறந்தான். சுகமான பிரசவம். மாமி, அதாவது இவரின் தாய், சரக்கரைத்துக் கறி காய்ச்சி, வெந்நீர் வார்த்து, குறை சொல்ல ஒன்றுமில்லாமல் பார்த்தா. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தவக்காலம் தொடங்கியபோது பிள்ளைக்கு இரண்டு மாதம். ஊரே ஒருநேரச் சாப்பாட்டோடு இருக்க, எனக்கு மட்டும் பசி அடங்கவில்லை. பழஞ்சோற்றைத் தின்று, பாணைத் தின்று, பிறகும் சட்டியைத் துழாவினேன். தின்னத் தின்ன மெலிந்தேன். வேர்த்து ஊற்றியது. நெஞ்சு, கரைக்கு வருகிற மெஷின் வள்ளம் மாதிரி அடித்தது. படுத்தால் தலையணைக்குள்ளும் அதே சத்தம். ஊசிக்கு நூல் கோர்க்க முடியவில்லை. கை நடுங்கியது. முதல் நன்மைச் சட்டைகள் குவிந்து கிடந்தன. நான் ஊசியைப் பார்த்து அழுதேன், பிறகு ஊசியைப் பார்த்து ஏசினேன்.

எங்கள் சனத்தின் வாய் இருக்கிறதே, அதற்கு நான் எப்போதும் அடிமை. கோபத்திலும் ரசிப்பேன். முன்வீட்டு அக்கா வேலிக்கு மேலால் பார்த்துவிட்டுச் சொன்னா:

"பிள்ளை தாயைக் குடிக்கிறானோ, தாய் பிள்ளையைக் குடிக்கிறாளோ தெரியேல்லை. ஆனா இந்த வீட்டிலை ஆரோ ஆரையோ குடிக்கினம்."

மாமி வேறு மாதிரி. "பத்தியம் முறிச்சனீ. எனக்குத் தெரியாமல் தயிர் திண்டிருப்பாய்."

"நான் தின்னேல்லை மாமி."

"அப்ப ஏன் உடம்பு கொதிக்குது? குளிர்ச்சி திண்டவைக்குத்தான் பிறகு சூடு கிளம்பும்."

இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கழுத்துச் சங்கிலியைப் போடும்போதுதான் கண்டேன். கொளுக்கி எட்டவில்லை. தொண்டைக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒரு வீக்கம். அமர்த்திப் பார்த்தேன், நோவு இல்லை. இவருக்குக் காட்டினேன். இவர் பார்த்துவிட்டு, "நோகேல்லையெண்டால் என்ன?" என்று கேட்டார். நல்ல மனிசன். கடலில் எந்த இருட்டிலும் வழி தெரியும். வீட்டுக்குள் வெளிச்சத்தில் தெரியாது.

சந்தியில் இருந்த டிஸ்பென்சரி டொக்டரிடம் போனேன். அவர் கெட்டிக்காரர்தான், கழுத்தைப் பார்த்தவுடனேயே இது தைரொயிட் சுரப்பி, ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். அந்த நாளில் யாழ்ப்பாணத்தில் இந்தச் சோதனை இல்லை. ரத்தத்தை எடுத்து, தெளிய வைத்து, மேலே நிற்கிற தெளிநீரைப் பெனிசிலின் போத்தலுக்குள் ஊற்றி, றப்பர் மூடி போட்டு, பிளாஸ்டர் ஒட்டிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். அவர் தன்னுடைய ஐஸ் ஃபிளாஸ்க்கில் வைத்து அனுப்பினார். அது உயிர்த்த ஞாயிறுக்குக் கிட்ட. பதில் வந்தது வைகாசி முடிகிற நேரம். ஊரடங்கு, றெயில் தாமதம், ஆய்வுகூடத்தில் வரிசை என்று எல்லாம் சேர்ந்து அவ்வளவு சென்றது. அதில் சுரப்பி விடுகிற தைரொக்சின் அளவு மேலே, நல்லாய் மேலே.

கவனியுங்கள். ரத்தம் எடுத்தது பங்குனி முடிவில் ஓடிக்கொண்டிருந்த உடம்பில். பதில் வந்தது வைகாசி முடிவில் இருந்த உடம்புக்கு. இடையில் என் நெஞ்சடிப்புப் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. பசி குறைந்துவிட்டது. நூல் கோர்க்கத் தொடங்கிவிட்டேன். டொக்டரிடம் சொன்னேன்.

"இப்ப சுகமாய்த்தான் இருக்கு டொக்டர்."

"உமக்கு அப்பிடி இருக்கும். கடுதாசி அப்பிடிச் சொல்லேல்லையே."

அவர் எழுதித் தந்தது, சுரப்பி வேலை செய்வதை நிற்பாட்டுகிற குளிசை. ஒரு நாளைக்கு மூன்று தரம். குளிசை பாலோடு போய்ப் பிள்ளையின் சுரப்பியையும் அமர்த்தும், அதனால் தாய்ப்பால் நிற்பாட்ட வேண்டும் என்றார். கழலைக்குச் சத்திரசிகிச்சை டொக்டரைப் பார்க்கவும் ஒரு துண்டு தந்தார். அந்தக் காலத்து வைத்தியம் அப்படித்தான், அவரில் பிழை இல்லை என்று பிறகு ஆட்கள் சொன்னார்கள். இருக்கலாம். என் மகன் அப்போது போத்தலைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறவன். பக்கத்து வளவில் போத்தல்பால் குடித்த குழந்தை ஒன்று வயிற்றோட்டத்தில் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் குளிசையை வாங்கினேன். தையல் மெஷின் லாச்சியில் வைத்தேன். ஒன்றுகூட விழுங்கவில்லை. பாலைக் கொடுத்தேன். அதற்காக ஒருநாளும் வருந்தியதில்லை. திரும்பவும் அதே நிலை வந்தால் அதே லாச்சியில்தான் வைப்பேன்.

ஆனி பிறந்தது. சோளகக் காற்று மண்ணை அள்ளி வீசிய வெயிலில் எனக்குக் குளிரத் தொடங்கியது.

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஊரே விசிறியோடு திரிய, நான் இவரின் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு குசினி மூலையில் இருந்தேன். முகம் ஊதியது. கண்மடல் தடித்தது. குரல் கரகரத்து ஆம்பிளைக் குரலானது. வாரும்போது சீப்போடு தலைமயிர் வந்தது. பிள்ளை பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே நான் தூங்கிப்போனேன். சட்டையின் இடதுகையை வலதில் வைத்துத் தைத்தேன். பிரித்துத் திரும்பவும் அதே பக்கம் தைத்தேன். யாராவது ஏதாவது கேட்டால், பதில் கிணற்றுக்கு அடியிலிருந்து ஏறிவருகிற மாதிரி வரும். வருவதற்குள் கேட்டவர் போய்விடுவார்.

முன்வீட்டு அக்கா சொன்னா: "இப்பதான் பிள்ளைத்தாச்சி மாதிரி நல்லாய் ஊதி இருக்கிறாய். பெத்த பிறகு பிள்ளைத்தாச்சி ஆனவள் நீ ஒருத்திதான்."

மாமி சொன்னா: "பஞ்சி. அப்பேக்கை பறந்து திரிஞ்சவள், இப்ப குந்தினால் எழும்பிறாள் இல்லை. தனக்கு விருப்பமெண்டால் ஓடுறதும், விருப்பமில்லாட்டிக் கிடக்கிறதும்."

தவக்காலத்தில் என்னைப் பத்தியம் முறித்தவள் என்று ஏசிய அதே வாய். நான் சொன்னேன்: "மாமி, அதுவும் நான் விரும்பி ஓடேல்லை. இதுவும் விரும்பிக் கிடக்கேல்லை."

"ஓமோம். ரெண்டையும் ஆரோ வந்து செய்துபோட்டுப் போகினம்."

கேலிக்குச் சொன்னா. நடந்தது அதுதான் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

ஆடி பிறந்ததும் சத்திர டொக்டரின் கிளினிக்குக்குப் போனேன். ஆஸ்பத்திரி விறாந்தையில் உட்காருகிற நீட்டு வாங்கு நிறைய சனம். என் முறை வந்தபோது அவர் சந்தி டொக்டரின் துண்டைப் பார்த்தார், கழுத்தை இரண்டு விரலால் தொட்டார், விழுங்கச் சொன்னார். விழுங்கினேன்.

"ஒப்பரேஷன் செய்யத்தான் வேணும். கொழும்புச் சோதனையை நம்பிக்கொண்டு மாதக்கணக்காய் உம்மைக் குளிசையிலை வைச்சிருக்கேலாது. அதுக்கு முதல் இன்னொருக்கா ரத்தம் பாக்கவேணும்."

ஆஸ்பத்திரி மூலம் அனுப்பினால் எப்போது போகும் என்று அங்கே நின்ற தாதி மிஸ்ஸிக்கே தெரியவில்லை. கொண்டுபோக ஆள் இருந்தால் கெதியாய் வரும் என்றா.

ஆள் இருந்தார். என் சொந்த அண்ணை. குருநகரில் இறால் வாங்கி ஐஸ் போட்டுப் பெட்டி கட்டி இரவு மெயில் றெயிலில் கொழும்புக்கு அனுப்புகிறவர். அங்கே பெட்டியை எடுக்கிற மீன்கடைக்காரர் அவருக்குக் கூட்டாளி. அண்ணை என் பெனிசிலின் போத்தலைச் சவ்வுத்தாளில் சுற்றி, ஒரு பால்மாத் தகரப் பேணிக்குள் வைத்து, பேணியை இறாலுக்கு நடுவே ஐஸில் புதைத்து அனுப்பினார். கூட்டாளி காலையில் பேணியைக் கொண்டுபோய் ஆய்வுகூடத்தில் கொடுத்தார். பதிலும் அவர் கையாலேயே கெதியாய் வந்தது.

அந்தப் பதிலோடு நான் ஆவணியில் திரும்பவும் அதே வாங்கில் இருந்தேன். மடியில் பிள்ளை. கூட மாமி.

சத்திர டொக்டர் பார்த்தார். முகம் சுழித்தார். முதல் கடுதாசியில் தைரொக்சின் மேலே. இதில் கீழே, மிகவும் கீழே. ரீ.எஸ்.எச் என்று இன்னொன்று, மூளைக்குக் கீழிருந்து சுரப்பியை வேலை செய் என்று விரட்டுவது. அது இதில் உச்சத்தில்.

"குளிசை கூடிப்போச்சு. எத்தினை விழுங்கினீர்?"

இங்கேதான் நான் உண்மையைச் சொன்னேன். "ஒண்டும் விழுங்கேல்லை டொக்டர். பிள்ளைக்குப் பால் குடுக்கிறன்."

மாமி என்னைத் திரும்பிப் பார்த்தா. பார்வையிலேயே வீட்டுக்குப் போனபின் நடக்கப்போவது எழுதியிருந்தது.

"ஒண்டும் விழுங்காமல் எப்பிடி இறங்கும்?" டொக்டர் பேனையைக் கடுதாசியில் தட்டினார். "இந்த ரத்தம் எப்பிடிப் போனது?"

"என்ரை அண்ணை அனுப்பினவர். ஐசிலை வைச்சு."

"என்ன ஐஸ்?"

"இறால் பெட்டி."

பக்கத்தில் நின்ற மிஸ்ஸி வாயைப் பொத்திச் சிரித்தா. டொக்டரும் சிரித்தார். நான் மாத்திரம் சிரிக்கவில்லை.

"அப்ப சரி. பழுதாப்போச்சு. இல்லாட்டி வழியிலை வேற ஆற்றையோ போத்தலோடை மாறிப்போச்சு. இது உம்மடை ரத்தம் இல்லை."

"என்ரைதான் டொக்டர். ரெண்டும் என்ரைதான். அப்ப எனக்குச் சூடு. இப்ப குளிர். பாருங்கோ, இந்த வெயிலுக்கை நான் கம்பளிச் சட்டையோடை வந்திருக்கிறன்."

கையை நீட்டினேன். தொட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த நாட்களில் என் தோல் உலர்ந்து, மீன்வாடியில் கிடந்த சிரட்டை மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. நாடியைப் பிடித்திருந்தால், மெதுவாய், விருப்பமில்லாமல் நடக்கிற மாதிரி அடிப்பது தெரிந்திருக்கும். ஒரு நிமிஷம் செல்லும் வேலை. அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

"வாற மாதம் ஆஸ்பத்திரி வாட்டிலை வந்து படுக்கவேணும். குளிசையை மிஸ்ஸி கண் முன்னாலை தருவா. நாங்கள் சொல்லிறதை நீர் செய்யமாட்டீர் எண்டு தெரிஞ்சுபோச்சு. பிறகு வெட்டுவம். பிள்ளையைப் போத்தலுக்குப் பழக்கிப்போட்டு வாரும்."

"டொக்டர்…"

"அடுத்தது."

வீட்டுக்கு வந்து, மாமி படலையைச் சாத்திய பிறகுதான் தொடங்கினா.

"டொக்டருக்கு முன்னாலை என்னை மூதேவி ஆக்கிப்போட்டாய். குளிசையை ஒளிச்சு வைச்சவளைப் பார்த்துக்கொண்டிருந்த மாமியார் எண்டு நினைச்சிருப்பார்."

"நீங்கள் பார்க்கேல்லைத்தானே மாமி."

"வாய் மட்டும் ஊதேல்லை உனக்கு."

இவர் கடலால் வந்து கேட்டுவிட்டு, டொக்டர் சொன்னால் சரியாய்த்தானிருக்கும் என்றார். பெரிய படிப்புப் படித்தவர் சும்மா வெட்டுவாரா என்றார். அன்று நான் இவரோடு பிடித்த சண்டையை அறிய முன்வீட்டு அக்காவுக்கு வேலிக்கு மேலால் பார்க்கத் தேவைப்படவில்லை. மறுநாள் காலை மாமி போத்தலும் ஒரு பேணி பால்மாவும் வாங்கிவந்து மேசையில் வைத்தா. மூடியை நானே திறந்து கொடுக்க வேண்டும் என்று காத்திருந்தா. நான் திறக்கவில்லை.

இதற்குள் கதை குருநகர் முழுக்கப் போய்விட்டது. தேத்தண்ணிக் கடையில், வாடியில், கோயில் வாசலில் ஒரே கதை: இன்னாரின் தங்கச்சியின் ரத்தம் இறால் பெட்டிக்குள் போய்ப் பழுதாய்ப் போச்சு. "கொழும்பிலை சோதிச்சுப் பார்த்தவை, இது பொம்பிளை ரத்தமில்லை, இறால் ரத்தமெண்டு எழுதி அனுப்பியிருக்கினம்" என்று ஒருவன் சொல்ல, மற்றவன், "அதுதான் அவளுக்குக் குளிருது, ஐசிலை கிடந்ததுதானே" என்றானாம். சொன்னவன் வாயில் சர்க்கரை போடலாம். ஆனால் அது என் கழுத்து.

அண்ணைக்கு இது காதில் விழுந்தது. அவருக்கு என் கழுத்தைப் பற்றி எவ்வளவு கவலை இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஐஸைப் பற்றிக் கவலை வந்தது. வீட்டுக்கு வந்து முற்றத்தில் நின்றபடி கத்தினார்.

"என்ரை ஐசிலை போன இறால் ஒருநாள் மணந்ததெண்டு கொழும்பிலை ஒருத்தன் சொல்லட்டும் பாப்பம். நேற்று வாடியிலை ஒருத்தன் என்னட்டைக் கேக்கிறான், அண்ணை, உம்மடை பெட்டியிலை ரத்தமே பழுதாப் போகுதாம், இறால் எப்பிடி நிக்குமெண்டு. என்ரை வியாபாரத்துக்கு உலை வைச்சிட்டார் உன்ரை டொக்டர்."

"அண்ணை, என்ரை கழுத்தை வெட்டப்போகினம்."

"அதுவும் அந்தப் பிழையான கதையாலைதானே? நான் கேக்காமல் விடன்."

கேட்கத்தான் போனார். அவரிடம் நண்டு வாங்க வருகிற டொக்டர் ஒருவர் இருந்தார். வெட்டுகிறவர் அல்ல, மருந்தால் மாற்றுகிற நிபுணர், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து கன காலமில்லை. அண்ணை நண்டோடு அவர் வீட்டுப் படியேறி, நண்டைக் கொடுக்க முன்பே கேட்டாராம்: "டொக்டர், நல்லாய் ஐஸ் போட்ட பெட்டியிலை ஒரு ராத்திரி கிடந்தால் ரத்தம் பழுதாப்போமோ? சத்தியமாய்ச் சொல்லுங்கோ."

"என்ன ரத்தம்? என்ன சோதனைக்கு?"

அண்ணை சோதனையையும், ஒன்று கீழே மற்றது உச்சத்தில் என்று வந்த பதிலையும் சொன்னார்.

"அந்தத் தெளிநீர் ஐசிலை ஒரு ராத்திரி கிடந்தால் ஒண்டும் ஆகாது. பழுதாப்போனாலும் ஒண்டு இறங்கி மற்றது ஏறி, ரெண்டும் ஒண்டுக்கொண்டு பொருந்தி வராது. இது உம்மடை தங்கச்சியின்ரை ரத்தம்தான்." பிறகு கேட்டாராம்: "தங்கச்சிக்குப் பிள்ளை இருக்கோ? எத்தினை மாதம்?"

அண்ணைக்கு மருமகனின் மாதம் தெரியவில்லை. "தையிலை பிறந்தது" என்றார்.

"நாளைக்கே கூட்டிக்கொண்டு வாரும்."

அந்த டொக்டர் நான் இருந்த உடனே என் கையைப் பிடித்தார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கன நேரம் பிடித்திருந்தார். எனக்கு அழுகை வந்தது, வெட்கம் கெட்டு அழுதேன். பிறகு ஒரு கதிரையில் முழங்காலில் நிற்கச் சொல்லி, பாதத்தைத் தொங்கவிட்டு, குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதம் துள்ளியது. ஆனால் திரும்பி வந்தது மெதுவாய், சோம்பலாய். "பாத்தீரோ, திரும்பி வாறதுக்கு எவ்வளவு பஞ்சிப்படுது" என்று அண்ணையிடம் காட்டினார். என் வாழ்க்கையில் பஞ்சி என்ற சொல்லை ஒருவர் குற்றமாய் இல்லாமல் சொன்னது அன்றுதான்.

இரண்டு கடுதாசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பதில் வந்த நாட்களை விட்டுவிட்டு, ரத்தம் எடுத்த நாட்களைக் கேட்டார். பிள்ளை பிறந்ததிலிருந்து விரலில் எண்ணினார். மூன்றாம் மாதத்தில் கூடியிருக்கிறது. ஆறாம் மாதத்தில் குறைந்திருக்கிறது.

"ரெண்டும் உண்மை. ரெண்டும் ஒரே வருத்தம், ஒரே நோய்" என்றார்.

பிள்ளை வயிற்றில் இருக்கும்போது உடம்பின் காவல் அடங்கியிருக்குமாம். பெற்ற பிறகு அது முழித்தெழும்பும்போது, சில பெண்களில் ஆள் மாறி, சொந்தச் சுரப்பியையே தாக்குமாம். அண்ணையைப் பார்த்து அவர் சொன்னது எனக்கு மறக்கவில்லை: "உம்மடை பெட்டி உடைஞ்சால் இறால் எல்லாம் நிலத்திலை கொட்டும். பாக்கிறவன் என்ன நினைப்பான்? இண்டைக்குப் பிடிபாடு கூட எண்டு நினைப்பான். கூடப் பிடிக்கேல்லை. இருந்தது கொட்டினது. பிறகு பெட்டி வெறுமை. திருத்துமட்டும் ஒண்டும் வைக்கேலாது."

"அப்ப அந்தக் குளிசை?"

"அது புதுசாய்ப் பிடிக்கிறதை நிற்பாட்டுற குளிசை. இவ புதுசாய்ப் பிடிக்கவே இல்லை. விழுங்கியிருந்தால் அப்பவும் பிரயோசனமில்லை. இப்ப வாட்டிலை வைச்சுக் குடுத்திருந்தால் இன்னும் கீழை தள்ளியிருக்கும்."

"வெட்டினால்?"

"தானாய்த் திருந்திற சுரப்பியை வெட்டி எறிஞ்சுபோட்டு, வாழ்நாள் முழுக்கக் குளிசை குடுத்திருப்பம்."

அமைதியாய்ச் சொன்னார். எனக்குத்தான் அமைதி இல்லை. இவ்வளவு சின்ன விஷயமா? பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று ஒரு கேள்வி. ஒரு கைபிடிப்பு. சந்தி டொக்டர் பிள்ளையை என் இடுப்பில் கண்டவர். சத்திர டொக்டர் பிள்ளையை மடியில் கண்டவர், போத்தலுக்குப் பழக்கு என்றும் சொன்னவர். பிள்ளையைக் கண்டும் பிள்ளை எப்போது பிறந்தது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. என் அண்ணைக்குத் தன் ஐஸில் மானம் இருந்திராவிட்டால், நான் இன்று கழுத்தில் தையல் தழும்போடு இதை எழுதிக்கொண்டிருப்பேன்.

குறைந்ததைச் சரிக்கட்ட ஒரு சின்னக் குளிசை தந்தார், தைரொக்சின், கொஞ்ச மாதத்துக்கு. அது பாலுக்குப் பிழையில்லை, தாராளமாய்க் கொடு என்றார். பிள்ளைக்கு ஒரு வயது ஆன பிறகு நிற்பாட்டிப் பார்த்துத் திரும்ப ரத்தம் சோதிக்க வேண்டும். பெரும்பாலானோருக்குச் சுரப்பி திருந்திவிடும், சிலருக்குத் திருந்தாது, அடுத்த பிள்ளைக்கும் இது திரும்பி வரக்கூடும், அப்போது முதல் நாளே சொல்லு என்றார். எனக்குத் திருந்தியது. அடுத்தவள் பிறந்தபோது திரும்பியும் வந்தது. அந்தத் தரம் நான் யாரையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, நேரே அவரிடமே போனேன்.

வீட்டுக்கு வந்து மாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பெட்டி உடைந்த கதையோடு. கேட்டு முடித்து அவ சொன்னது:

"அப்ப வருத்தமெண்டு முந்தியே சொல்லியிருக்கலாம்தானே."

மேசையில் இருந்த பால்மாப் பேணியை எடுத்து, முன்வீட்டு அக்காவிடம் வேலிக்கு மேலால் கொடுத்துவிட்டேன்.

வாட்டில் படுக்கச் சொன்ன நாள் வந்தது. சும்மா வீட்டில் இருந்திருக்கலாம். ஆனால் நான் போனேன். நிபுணர் எழுதித் தந்த கடிதத்தைச் சத்திர டொக்டரின் மேசையில் என் கையாலேயே வைக்க வேண்டும் என்றிருந்தது. அவர் என்ன சொல்வார், எப்படிப் பார்ப்பார் என்று பல நாள் யோசித்து வைத்திருந்தேன். நான் என்ன சொல்ல வேண்டும் என்பதையும்.

அவர் கடிதத்தை வாசித்தார். ஒருதரம் வாசித்தார். நிமிரவில்லை.

"சரி" என்றார். மிஸ்ஸியைப் பார்த்து, "இந்தக் கட்டிலை மற்ற ஆளுக்குக் குடுங்கோ."

"டொக்டர், அண்டைக்கு நான் சொன்னனான், ரெண்டும் என்ரை ரத்தம் எண்டு."

"அம்மா, வெளியிலை சனம் நிக்குது."

"நான் கையை நீட்டினனான்."

அவர் அப்போது நிமிர்ந்தார். எந்தக் கை என்று கேட்கிற மாதிரிப் பார்த்தார். நினைவில்லை. உண்மையிலேயே நினைவில்லை. நினைவில்லாத மனிசனை எதைச் சொல்லி ஏசுவது?

"அடுத்தது" என்றா மிஸ்ஸி.

விறாந்தைக்கு வந்தேன். வாங்கில் எழும்பத் தயாராய் ஒரு பெண், என்னைவிட இளையவள். தோளில் துணி போட்டு மறைத்துக் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். துணி விலகிய இடத்தில் கழுத்து வீங்கித் தெரிந்தது. கையில் கொழும்புக் கடுதாசி. மிஸ்ஸி அவளைத்தான் கூப்பிட்டிருந்தா.

"கொஞ்சம் பொறுங்கோ மிஸ்ஸி" என்று சொல்லிவிட்டு நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"தங்கச்சி, பிள்ளைக்கு எத்தினை மாதம்?"

"நாலு. ஏனக்கா?"

"இந்த ரத்தம் எப்ப எடுத்தது?"

மிஸ்ஸி கதவடியில் நின்று, உள்ளே போகப்போகிறீர்களா இல்லையா என்று அதட்டினா. அந்தப் பெண் என்னையும் அவவையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் எழும்பவில்லை. அவளின் கையைப் பிடித்து, நாடியில் விரலை வைத்தேன்.